நாலு நாள் ஆனாலும் மெத்தென்று இருக்கும் பிரெட்... பாக்கெட்டில் உள்ள '282' என்ற எண் சொல்வது என்ன?

கடையில் வாங்கி வந்த ஸ்லைஸ் பிரெட் நாலு நாள் ஆகியும் முதல் நாள் மாதிரியே மெத்தென்று இருக்கிறது. உடனே வீட்டில் ஒருவர், "இவ்ளோ நாள் கெடாம இருக்குன்னா எவ்ளோ கெமிக்கல் போட்டிருப்பாங்க?" என்று கேட்பார். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் 282, 481, 471, 260 என எண்கள் வரிசையாக நிற்கும். அதைப் பார்த்ததும் சந்தேகம் இன்னும் கூடிவிடும்.

இதில் பிரெட்டைக் கெடாமல் காப்பது எது? மெத்தென்று வைத்திருப்பது எது? உண்மையிலேயே கவனிக்க வேண்டிய எண் எது? ஒரு பாக்கெட்டின் லேபிளை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம் வாங்க.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுவோம். பிரெட் பூசணம் பிடிக்காமல் இருப்பது வேறு, மெத்தென்று இருப்பது வேறு. இரண்டுக்கும் சேர்க்கப்படும் பொருட்களும் வேறு. இந்த வித்தியாசம் பிடிபட்டால் லேபிளில் பாதி புரிந்த மாதிரிதான்.

பிரெட்டில் பூஞ்சை எங்கிருந்து வருகிறது?

பிரெட் சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகிறது. அதன் நடுப்பகுதியே கிட்டத்தட்ட 95 டிகிரியைத் தொட்டுவிடும். மாவில் இருந்த பூஞ்சை வித்துகள் அந்தச் சூட்டில் செத்துவிடும். அதாவது, அடுப்பிலிருந்து வெளியே வரும் பிரெட்டில் பூஞ்சை இருக்காது.

அப்படியென்றால் பச்சைப் பச்சையாக வருவது எங்கிருந்து? வெந்த பிறகுதான் அது வந்து சேர்கிறது. சுடச்சுட இருக்கும் பிரெட்டை உடனே வெட்ட முடியாது, பிய்ந்துவிடும். அதனால் நன்றாக ஆற வைக்கிறார்கள். அந்த நேரத்தில் காற்றில் பறக்கும் வித்துகள் மேலே படிகின்றன. அடுத்து வெட்டும் இயந்திரத்தின் பிளேடுகள். முழு பிரெட்டுக்குக் காய்ந்த மேல்தோல் ஒரு கவசம் மாதிரி. ஸ்லைஸ் போட்டதும் ஈரமான உள்பகுதி முழுக்க வெளியே திறந்துவிடுகிறது. ஒரு பிளேடில் வித்து ஒட்டியிருந்தால் அடுத்தடுத்து வரும் பிரெட்டுகளுக்கும் அது பரவும்.

ஆறுவதற்குள் அவசரமாக பாக்கெட்டில் அடைத்தால் இன்னொரு பிரச்சனை. உள்ளே இருக்கும் ஆவி, கவரின் உள்பக்கம் நீர்த்துளியாகப் படியும். பூஞ்சைக்கு வேண்டியது அந்த ஈரம்தான். கடையில் வாங்கும்போதே கவருக்குள் வியர்த்த மாதிரி இருந்தால், அந்த பாக்கெட்டை எடுக்காதீங்க. தேதி எவ்வளவு புதுசாக இருந்தாலும் சரி.

பூஞ்சை தவிர இன்னொரு எதிரியும் உண்டு. மாவில் இருக்கும் பேசில்லஸ் வகை பாக்டீரியாக்களின் வித்துகள் அந்த 95 டிகிரியையும் தாங்கிவிடும். வெயில் காலத்தில் பிரெட்டின் நடுவே அவை பெருகினால் உள்பகுதி பிசுபிசுப்பாகும். பிய்த்துப் பார்த்தால், ஊசிப்போன சாம்பார் நூல் விடுவது போல நூல் நூலாக வரும். அழுகிய அன்னாசி போல ஒரு இனிப்பு வாடையும் அடிக்கும். வெளியே பூஞ்சையே தெரியாது. ஆனால் பிரெட் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

கால்சியம் புரோபியோனேட் செய்வது என்ன?

இந்த இரண்டையும் தள்ளிப்போடத்தான் பேக்கரிகள் கால்சியம் புரோபியோனேட் சேர்க்கின்றன. லேபிளில் இதன் எண் 282. வெள்ளைப் பொடியாக இருக்கும். மாவு பிசையும்போதே கலந்துவிடுவார்கள்.

இது புரோபியோனிக் அமிலத்தின் உப்பு. மாவின் ஈரத்தில் கரைந்ததும் ஒரு பகுதி அமிலமாக மாறும். அந்த அமிலம் பூஞ்சையின் செல்லுக்குள் நுழைந்து, உள்ளே புளிப்புத் தன்மையைக் கூட்டிவிடும். அதைச் சரி செய்வதிலேயே பூஞ்சையின் சக்தி எல்லாம் செலவாகும். வளர்வதற்கு மிச்சம் இருக்காது. கவனிக்க வேண்டியது, இது பூஞ்சையை அடியோடு கொல்வதில்லை. வளர்ச்சியை மெதுவாக்குகிறது, அவ்வளவுதான். அதனால்தான் 282 போட்ட பிரெட்டும் ஒரு நாள் கட்டாயம் பூசணம் பிடிக்கும்.

சரி, எத்தனையோ பதப்படுத்தும் பொருட்கள் இருக்க, பிரெட்டுக்கு ஏன் இது? காரணம் ஈஸ்ட். மாவை உப்ப வைக்கும் ஈஸ்ட்டும் ஒரு வகைப் பூஞ்சைதான். கேக்கில் போடும் சார்பிக் அமிலம் (200), பொட்டாசியம் சார்பேட் (202) இரண்டும் பூஞ்சைக்கு எதிராக இன்னும் வலுவானவை. ஆனால் பிரெட் மாவில் கலந்தால் ஈஸ்ட்டையும் சேர்த்து அடக்கிவிடும், பிரெட் உப்பாது. புரோபியோனேட் ஈஸ்ட்டை அந்த அளவுக்குத் தொந்தரவு செய்யாது. ஈஸ்ட் இல்லாமல் பேக்கிங் பவுடரில் உப்பும் கேக்குகளில் கால்சியம் உப்புக்குப் பதில் சோடியம் புரோபியோனேட் (281) போடுவதும் உண்டு. கால்சியம், பேக்கிங் பவுடரின் வேலையைக் கெடுத்துவிடும் என்பதே காரணம்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. 282 நன்றாக வேலை செய்ய பிரெட்டில் கொஞ்சம் புளிப்பு இருக்க வேண்டும். புளிப்பைக் குறிக்கும் பிஹெச் அளவு 6 என்றால், போட்டதில் சுமார் 7 சதவீதம் மட்டுமே பூஞ்சைக்குள் நுழையக்கூடிய அமில வடிவில் இருக்கும். பிஹெச் 5.5 என்றால் அது சுமார் 19 சதவீதம். பிஹெச் 5 என்றால் 40 சதவீதத்துக்கும் மேல். இதனால்தான் பல லேபிள்களில் 282-க்குப் பக்கத்திலேயே 260 என்ற எண்ணும் இருக்கிறது. அது அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருக்கும் புளிப்பு. அது தானாகவும் பூஞ்சையைத் தடுக்கும், 282-க்கும் கை கொடுக்கும்.

அப்போ மெத்தென்று இருப்பது எதனால்?

முந்தைய நாள் இட்லியை நினைத்துப் பாருங்க. கெட்டுப்போகவில்லை, ஆனால் கல் மாதிரி ஆகிவிடுகிறது. திரும்ப ஆவியில் வைத்தால் ஓரளவு மிருதுவாகிறது. பிரெட்டிலும் நடப்பது இதேதான். வேகும்போது இளகிய மாவுச்சத்து, ஆறிய பிறகு மெல்ல மெல்ல மீண்டும் இறுகி அடுக்காகிறது. பிரெட் விறைத்துப்போவதற்கு முக்கியக் காரணம் இதுதான், வெறுமனே ஈரம் காய்வது அல்ல. விறைத்த பிரெட்டை டோஸ்ட் செய்தால் உள்ளே மறுபடியும் மிருதுவாவதும் இதனால்தான்.

இந்த இறுக்கத்தைத் தள்ளிப்போட இரண்டு வகைப் பொருட்களைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று இமல்சிஃபையர். லேபிளில் 471, 481, 472 என்ற எண்களில் வரும். இவை எண்ணெய், கொழுப்பிலிருந்து தயாரிக்கப்படுபவை. மாவுச்சத்தோடு ஒட்டிக்கொண்டு அது சீக்கிரம் இறுகாமல் பார்த்துக்கொள்கின்றன. மாவுக்கு நல்ல பிடிப்பையும் தருகின்றன. இன்னொன்று அமைலேஸ் என்ற என்சைம், எண் 1100. இது மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளைக் கொஞ்சம் வெட்டிவிடும். வெட்டிய துண்டுகளால் மறுபடி அடுக்காக இறுக முடியாது.

இந்தப் பட்டியலில் 282 எங்கேயும் இல்லை என்பதைக் கவனிச்சீங்களா? பிரெட் மெத்தென்று இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 282 மட்டும் போட்டு இமல்சிஃபையர் போடாத பிரெட், பூசணம் பிடிக்காமலேயே இரண்டு நாளில் விறைத்துவிடலாம். 481, 1100 எல்லாம் போட்டு 282 போடாத பிரெட், பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும்போதே பூசணம் பிடிக்கலாம். ஆக, 'அழுத்திப் பார்த்தேன், மெத்துன்னு இருக்கு, நல்லாதான் இருக்கு' என்று முடிவு செய்வது தப்பு. அதே மாதிரி, மெத்தென்று இருப்பதை வைத்து 'பிரிசர்வேட்டிவ் அள்ளிப் போட்டிருக்காங்க' என்று சொல்வதும் தப்பு.

ஒரு லேபிளைப் படித்துப் பார்ப்போம்

400 கிராம் வெள்ளை சாண்ட்விச் பிரெட் ஒன்றின் லேபிள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இது ஒரு மாதிரிதான், எந்த ஒரு பிராண்டையும் குறிப்பதல்ல.

*சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு (மைதா), சர்க்கரை, ஈஸ்ட், பாமாயில், அயோடின் கலந்த உப்பு, கோதுமை குளூட்டன், சோயா மாவு, இமல்சிஃபையர் [481(i), 471], பிரிசர்வேட்டிவ் [282], அசிடிட்டி ரெகுலேட்டர் [260], மாவு பக்குவப் பொருட்கள் [510, 300, 1100].*

முதலில் வரிசை. எது அதிக எடையில் இருக்கிறதோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. இங்கே மைதா முதலிடம், அடுத்து சர்க்கரை. பிரவுன் பிரெட் என்று நினைத்து வாங்குபவர்கள் இந்த முதல் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். அங்கே முழு கோதுமை மாவு இல்லாமல் மைதா இருந்து, பட்டியலின் கடைசியில் கேரமல் நிறத்துக்கான 150 என்ற எண் இருந்தால், பழுப்பு நிறத்தில் ஒரு பங்கு அந்தச் சாயத்திலிருந்து வந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்து அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்கள். இவற்றுக்கு முன்னால் ஆங்கிலத்தில் ஐ, என், எஸ் என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். சர்வதேச அளவில் உணவுச் சேர்க்கைப் பொருட்களுக்குக் கொடுக்கப்பட்ட வரிசை எண் இது. ஐரோப்பியப் பொருட்களில் இதே எண் 'இ' என்ற எழுத்தோடு வரும். எண் இருப்பதாலேயே ஒரு பொருள் ஆபத்தானது ஆகிவிடாது. மேலே உள்ள பட்டியலில் 300 என்பது அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி. மாவுக்கு வலு சேர்க்கப் போடுகிறார்கள். 510 அம்மோனியம் குளோரைடு, ஈஸ்ட்டுக்குத் தீனி.

எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. அதற்கு முன்னால் எழுதியிருக்கும் வேலையைப் படித்தால் போதும். 'பிரிசர்வேட்டிவ்' என்று இருந்தால் பூஞ்சைக்கு எதிரானது. 'இமல்சிஃபையர்' என்று இருந்தால் மெத்தென்று வைப்பதற்கு. 'அசிடிட்டி ரெகுலேட்டர்' என்றால் புளிப்புக்கு. இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் எந்த பிராண்ட் பிரெட்டையும் படித்துவிடலாம்.

'கிளாஸ் 2' என்றால் இரண்டாம் தரமா?

சில பாக்கெட்டுகளில் 'அனுமதிக்கப்பட்ட கிளாஸ் 2 பிரிசர்வேட்டிவ் சேர்க்கப்பட்டுள்ளது' என்று இருக்கும். பலரும் இதை இரண்டாம் தரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. இந்திய விதிகளில் பதப்படுத்தும் பொருட்கள் இரண்டு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் வகுப்பில் உப்பு, சர்க்கரை, வினிகர், தேன், மசாலாப் பொருட்கள், சமையல் எண்ணெய் எல்லாம் வருகின்றன. அதாவது நம்ம ஊறுகாய் ஜாடியில் காலங்காலமாக இருப்பவை. இரண்டாம் வகுப்பில் புரோபியோனேட், சார்பேட், பென்சோயேட் போன்றவை வருகின்றன. இவற்றை எந்த உணவில், எவ்வளவு சேர்க்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு.

'கிளாஸ் 2' என்ற வார்த்தை சொல்வது இதைத்தான்: உள்ளே அளவுக் கட்டுப்பாடு உள்ள ஒரு பொருள் இருக்கிறது. பிரெட்டின் தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

'நோ பிரிசர்வேட்டிவ்' என்று போட்டிருந்தால்?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். பாக்கெட்டின் முன்பக்கம் பெரிய எழுத்தில் 'நோ பிரிசர்வேட்டிவ்' என்று இருக்கும். பின்பக்கம் பார்த்தால் 282 இருக்காது. ஆனால் 'கல்ச்சர்ட் வீட் ஃப்ளோர்' என்றோ, 'ஃபெர்மென்டட் வீட்' என்றோ, 'வினிகர்' என்றோ ஒரு பெயர் இருக்கலாம்.

கல்ச்சர்ட் கோதுமை மாவு என்பது பாக்டீரியாக்களைக் கொண்டு புளிக்க வைத்து, பிறகு காய வைத்த மாவு. அந்தப் புளிப்பில் உருவாவது பெரும்பாலும் புரோபியோனிக், அசிட்டிக், லாக்டிக் போன்ற அமிலங்கள்தான். எமென்டால் என்ற ஓட்டை ஓட்டையான சுவிஸ் சீஸில் இதே புரோபியோனிக் அமிலம் இயற்கையாகவே உருவாகிறது. நாம் சாப்பிடும் நார்ச்சத்தை நம் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் செரிக்கும்போதும் இது உருவாகிறது.

ஆக, பூஞ்சையைத் தடுக்கும் வேலையைச் செய்வது இரண்டு பாக்கெட்டிலும் கிட்டத்தட்ட ஒரே மூலக்கூறுதான். ஒன்றில் பொடியாக வாங்கிப் போடுகிறார்கள், எண்ணோடு வருகிறது. இன்னொன்றில் புளித்த மாவின் வழியாக வருகிறது, மாவின் பெயரிலேயே நிற்கிறது. இதில் ஏமாற்று வேலை இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 282-க்குப் பயந்து அதைவிட விலை கூடுதலான பாக்கெட்டை எடுப்பவர்கள், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டுமே இல்லாத பிரெட்டும் இருக்கிறது. பக்கத்துத் தெரு பேக்கரியில் காலையில் சுட்டு மாலைக்குள் விற்றுவிடும் பிரெட் பெரும்பாலும் அப்படித்தான். அதை இரண்டு நாளைக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், மழைக்காலமாக இருந்தால் அதற்கும் முன்பே. பிரிசர்வேட்டிவ் வேண்டாம் என்றால் இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு ஸ்லைஸில் எவ்வளவு இருக்கும்?

பேக்கரித் தொழிலில் 100 கிலோ மாவுக்கு 200 முதல் 400 கிராம் வரை கால்சியம் புரோபியோனேட் போடுவது வழக்கம். நடுவில் 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 400 கிராம் பிரெட்டில் மாவு சுமார் 240 கிராம் இருக்கும். அப்படிப் பார்த்தால் முழு பாக்கெட்டிலும் சுமார் 0.7 கிராம். 16 ஸ்லைஸ் என்றால் ஒரு ஸ்லைஸில் 45 மில்லிகிராம். காலையில் இரண்டு ஸ்லைஸ் சாப்பிட்டால் 90 மில்லிகிராம், அதாவது கிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இந்தியாவில் 2011-ல் வந்த விதிகளில் பிரெட்டுக்கான உச்ச வரம்பு 5,000 பிபிஎம். அதாவது ஒரு கிலோ பிரெட்டில் 5 கிராம். ஒரு தயாரிப்பாளர் அந்த வரம்பு வரை போனால் 400 கிராம் பாக்கெட்டில் 2 கிராம், ஒரு ஸ்லைஸில் 125 மில்லிகிராம். ஆனால் அளவு கூடக் கூட ஈஸ்ட்டும் மந்தமாகும், பிரெட்டில் சீஸ் மாதிரி ஒரு வாடையும் ஏறும். அதனால் வரம்பு வரை போவது தயாரிப்பாளருக்கே லாபம் இல்லை. பாக்கெட்டில் எவ்வளவு கிராம் சேர்த்தார்கள் என்று எழுத வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால், லேபிளைப் பார்த்து இந்த அளவை நம்மால் கண்டுபிடிக்க முடியாது.

உடம்புக்கு என்ன ஆகும்?

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2014-ல் புரோபியோனேட்டுகளை மறுஆய்வு செய்தது. இப்போது அனுமதிக்கப்பட்டுள்ள அளவுகளில் பாதுகாப்பு குறித்த கவலை இல்லை என்பது அதன் முடிவு.

அதன் பிறகு 2019-ல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் பங்கேற்ற ஒரு ஆய்வு 'சயின்ஸ் டிரான்ஸ்லேஷனல் மெடிசின்' இதழில் வெளியானது. ஆரோக்கியமான 14 பேருக்கு உணவோடு 1 கிராம் கால்சியம் புரோபியோனேட் கொடுத்தார்கள். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் குளுகோகான் உள்ளிட்ட சில ஹார்மோன்கள் அவர்களுக்கு உயர்ந்தன. இன்சுலின் சரியாக வேலை செய்யாததற்கான அறிகுறியும் தெரிந்தது. குறைந்த அளவில் நீண்ட நாள் கொடுக்கப்பட்ட எலிகளுக்கு எடை கூடியது.

இந்த ஆய்வை வைத்துத்தான் 'பிரெட்டால் சர்க்கரை நோய்' என்று சமூக வலைதளங்களில் பதிவுகள் சுற்றுகின்றன. ஆய்வை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. ஆனால் நாம் மேலே போட்ட கணக்கோடு சேர்த்துப் பாருங்க. பிரெட்டில் இருந்து மட்டும் 1 கிராம் வர வேண்டும் என்றால், வழக்கமான அளவில் சுமார் 22 ஸ்லைஸ் சாப்பிட வேண்டும். உச்ச வரம்பில் என்றால் 8 ஸ்லைஸ். இதே பொருள் பன், சீஸ் போன்ற மற்ற பாக்கெட் உணவுகளிலும் இருக்கலாம் என்பதால் ஒரு நாளில் எல்லாம் சேர்ந்து கூடவும் செய்யலாம். மனிதர்களில் சோதித்தது 14 பேர் மட்டுமே, அதுவும் உடனடி விளைவைத்தான் பார்த்தார்கள். வருடக்கணக்கில் சாப்பிட்டால் நோய் வரும் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை.

ஏற்கனவே சர்க்கரை நோய் இருப்பவர்கள் 282-ஐத் தேடுவதற்கு முன், பட்டியலில் முதல் இரண்டு இடத்தில் இருக்கும் மைதாவையும் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். 90 மில்லிகிராம் பிரிசர்வேட்டிவ் வரும் அதே இரண்டு ஸ்லைஸில் மைதா மட்டும் சுமார் 30 கிராம் வருகிறது.

உண்மையில் கவனிக்க வேண்டிய எண்: 924

2016 மே மாதம் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், பிரெட், பன், பாவ் உள்ளிட்ட 38 பாக்கெட் பேக்கரிப் பொருட்களைப் பரிசோதித்தது. அதில் 84 சதவீத மாதிரிகளில் பொட்டாசியம் புரோமேட் அல்லது பொட்டாசியம் அயோடேட்டின் எச்சம் இருந்ததாக அறிவித்தது. நாடு முழுக்க இது பெரிய பரபரப்பானது. அடுத்த மாதமே, அதாவது 2016 ஜூனில், பொட்டாசியம் புரோமேட்டை உணவில் சேர்க்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தடை விதித்தது. மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ள பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஏற்கனவே இதை வகைப்படுத்தியிருந்தது.

இதன் எண் 924. பலரும் அந்தச் செய்தியை 'பிரெட்டில் பிரிசர்வேட்டிவ் ஆபத்து' என்றே ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஆனால் புரோமேட் பிரிசர்வேட்டிவே கிடையாது. மாவுக்கு வலு கொடுத்து பிரெட்டைப் பெரிதாக உப்ப வைக்கப் போட்டது. இப்போது அந்த வேலைக்குப் பல நிறுவனங்கள் 300, அதாவது வைட்டமின் சி-யையும் என்சைம்களையும் பயன்படுத்துகின்றன. எந்த பாக்கெட்டிலாவது 924 என்ற எண்ணைப் பார்த்தால் வாங்காதீங்க. லேபிளே இல்லாமல் கவரில் கட்டித் தரும் பிரெட்டில் இதைக் கண்டுபிடிக்க நமக்கு வழி இல்லை.

தேதியும், வீட்டில் வைக்கும் முறையும்

லேபிளில் எண்ணைப் பார்த்த பிறகு தேதியைப் பாருங்க. 'பேக் செய்த தேதியிலிருந்து இத்தனை நாள்' என்று மட்டும் இருந்தால் பேக் செய்த தேதியைத் தேடிக் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் அது கவரின் மடிப்பிலோ கழுத்தில் மாட்டிய கிளிப்பிலோ அச்சாகியிருக்கும். அந்தத் தேதி, பிரிக்காத பாக்கெட்டுக்கான கணக்கு. நீங்கள் பிரித்து, கை வைத்து, ஈரக் கத்தி பட்ட பிறகு அந்தக் கணக்கு செல்லாது.

பிரிட்ஜில் வைக்கலாமா என்பது அடுத்த கேள்வி. பிரிட்ஜின் குளிரில் பூஞ்சை மெதுவாகும். ஆனால் மாவுச்சத்து இறுகுவது அந்தக் குளிரில்தான் வேகமாக நடக்கும். அதனால் பூசணம் பிடிக்கத் தாமதமாகும், ஆனால் சீக்கிரம் விறைத்துவிடும். டோஸ்ட் செய்துதான் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் பிரச்சனை இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டும் என்றால் ஃப்ரீசரே நல்லது. அங்கே இரண்டுமே கிட்டத்தட்ட நின்றுவிடும். ஸ்லைஸ் ஸ்லைஸாக எடுத்து நேராக டோஸ்ட் செய்துகொள்ளலாம். இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும் என்றால் வெளியிலேயே, வெயில் படாத இடத்தில் கவரை இறுக்கி வைத்தால் போதும்.

கடைசியாக ஒன்று. ஒரு ஸ்லைஸின் ஓரத்தில் மட்டும் பச்சையாகப் புள்ளி தெரிந்தால், அதைப் பிய்த்துவிட்டு மீதியைச் சாப்பிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பிரெட்டில் அது கூடாது. பஞ்சு போன்ற உள்பகுதியில் பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் ஆழமாகப் போயிருக்கும். சில பூஞ்சைகள் நச்சையும் உண்டாக்கும், டோஸ்ட் செய்தாலும் அது போகாது. வாடை பிடித்துப் பார்க்கிறேன் என்று முகத்துக்கு அருகில் கொண்டு போகவும் வேண்டாம், வித்துகள் மூக்கில் ஏறும். ஆஸ்துமா, அலர்ஜி இருப்பவர்களுக்கு அது தொந்தரவு. பாக்கெட்டோடு கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்க. 282 போட்ட பிரெட்டாக இருந்தாலும் இதேதான்.

அடுத்த முறை கடையில் பிரெட் எடுக்கும்போது அரை நிமிடம் போதும். கவருக்குள் ஈரம் இருக்கிறதா, தேதி என்ன, பட்டியலில் முதலில் இருப்பது எந்த மாவு, 'பிரிசர்வேட்டிவ்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் என்ன எண், 924 இருக்கிறதா. இந்த ஐந்தையும் இதே வரிசையில் பார்த்துவிட்டு வாங்குங்க.